ஆன்லைனில் இருக்கிறார், பதில் மட்டும் வரவில்லை

கேள்வி: எனக்கு 26 வயது. தையில் நிச்சயம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம். நான் மதுரை கே.கே. நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அவருக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. காலையில் மெசேஜ் போட்டால் சில நாள் ஒரு நிமிஷத்தில் பதில் வரும், சில நாள் மூன்று மணி நேரம் ஆனாலும் வராது. ஆனால் ஆன்லைனில் இருப்பது தெரிகிறது. மனசு கிடந்து அடிக்கிறது, வேலை ஓடுவதில்லை. கேட்டால் "எப்பப் பாரு நொய் நொய்னு" என்று எரிச்சல்படுகிறார். நேரில் தங்கமானவர். நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா? இதை எப்படிச் சரி செய்வது?

பதில்:

முதலில் அந்த "ஆன்லைன்" விஷயத்தை முடித்துவிடுவோம். உங்கள் பதற்றத்தில் பாதி அந்த ஒரு சொல்லில் இருந்துதான் கிளம்புகிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் பெயருக்குக் கீழே அது தெரிந்தால், அவர் போனில் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது, நெட் இருக்கிறது, அவ்வளவுதான் அர்த்தம். உங்கள் மெசேஜைப் பார்த்தார் என்றோ, உங்களோடு பேச நேரம் இருக்கிறது என்றோ அதற்குப் பொருள் கிடையாது. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவருக்கு வாட்ஸ்அப்தான் கல்லாப்பெட்டி. ஊரில் இருந்து எத்தனை மூட்டை வருகிறது, இன்றைக்கு மல்லி என்ன ரேட், வெளியூர் பார்ட்டிக்கு எத்தனை கிலோ, எல்லாம் அதில்தான் ஓடும். மல்லிகை மொட்டாக இருக்கும்போதே எடை போட்டு, விலை பேசி, அனுப்பியாக வேண்டும். விரிந்துவிட்டால் சரக்கு போச்சு. அதனால் விடியற்காலையில் இருந்து எட்டு, ஒன்பது மணி வரை அவர் ஆன்லைனில் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

டிக் விஷயமும் அப்படித்தான். ஒரு சாம்பல் டிக் என்றால் உங்கள் போனில் இருந்து போய்விட்டது. இரண்டு சாம்பல் டிக் என்றால் அவர் போனில் சேர்ந்துவிட்டது. நீலமானால் அந்த உரையாடல் திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தவர் படித்து மனதில் வாங்கினாரா, எடைக் கல்லுக்கு நடுவே விரல் பட்டுத் திறந்ததா என்பதை நீலம் சொல்லாது. மேலே வரும் நோட்டிபிகேஷனிலேயே படித்துவிட்டு உள்ளே போகாமல் விட்டால் டிக் நீலமாகவே ஆகாது. அதாவது, நீலம் ஆகாததும் படிக்கவில்லை என்பதற்கு ஆதாரமில்லை. 2014 நவம்பரில் இந்த நீல டிக் வந்ததில் இருந்து என்னிடம் வரும் ஜோடிகளின் சண்டைகளில் இது ஒரு சாட்சியாக நிற்கிறது. நம்ப முடியாத சாட்சி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதிகமாக எதிர்பார்க்கிறீர்களா? நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: சில நாள் ஒரு நிமிஷம், சில நாள் மூன்று மணி நேரம். உங்களைப் படுத்துவது அந்த மூன்று மணி நேரம் இல்லை. எப்போது ஒரு நிமிஷம், எப்போது மூன்று மணி நேரம் என்று தெரியாததுதான். தினமும் காலை பத்து மணிக்கு முன் அவர் பேசவே மாட்டார் என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால், இந்நேரம் உங்களுக்கு அது பழகிப் போயிருக்கும். பத்தரை மணி பஸ்ஸுக்குப் பத்து மணிக்கு வந்து நிற்பவர் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார். எப்போது வரும் என்றே தெரியாத டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை சாலையை எட்டிப் பார்ப்பார்.

மனோதத்துவத்தில் இது பழைய சமாச்சாரம். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், புறாக்கள் ஒரு பொத்தானைக் கொத்தினால் தீனி கிடைக்கும்படி வைத்து, தீனி வரும் முறையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். எந்தக் கொத்துக்குத் தீனி விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தபோது, புறா விடாமல் கொத்தியது. தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. மனிதர் புறா இல்லைதான். ஆனால் போனை எடுத்து, திறந்து, மூடி, மறுபடி எடுக்கும் உங்கள் கை இதே வேலையைத்தான் செய்கிறது. பத்துத் தடவை திறந்ததில் ஒரு தடவை அவர் பதில் இருந்திருக்கிறது, அதனால் பதினோராவது தடவையும் திறக்கத் தோன்றுகிறது. திறந்து பார்த்தவுடன் ஒரு கணம் ஆறுதல், அப்புறம் பதற்றம் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பி வருகிறது.

ஆகவே உங்கள் குறி அவரை வேகமாகப் பதில் போட வைப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நடக்காது. நடந்தாலும் நாலு நாள்தான் நிற்கும், முகூர்த்த நாள் வந்தால் பழைய கதைதான். அவர் பதில் எப்போது வரும் என்பது உங்களுக்கு முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும், தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. நான் சொல்லப் போகிற எல்லாமே இதைச் சுற்றித்தான்.

அதற்கு முன் அவர் பக்கம் ஒரு நிமிஷம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். உங்கள் போனை எடுத்து, பதில் வராத ஒரு நாள் காலையில் நீங்கள் அனுப்பியதை மேலிருந்து கீழே படியுங்கள். என்னிடம் வருகிறவர்கள் காட்டுவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

6.50 — கடையில கூட்டமா?
7.05 — ?
7.20 — ஆன்லைன்லதான இருக்கீங்க
7.45 — சரி, பிஸி போல
8.30 — அத்தை மண்டபம் விஷயமா அப்பாகிட்ட பேசினாங்களாம், உங்களுக்குத் தெரியுமா?
9.10 — பரவாயில்ல விடுங்க. நான் முக்கியமில்லன்னு தெரியுது.

நீங்கள் இதை இரண்டு மணி இருபது நிமிஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினீர்கள். அவர் பார்ப்பது ஒரே மூச்சில். கை ஈரம், சட்டையெல்லாம் பூ வாசம், மூன்று மணிக்கு எழுந்த தூக்கக் கலக்கம், எதிரே சிட்டையை நீட்டிக்கொண்டு ஒரு விவசாயி. அந்த ஆறு வரியில் உண்மையிலேயே பதில் தேவைப்படுவது ஒன்றுதான், மண்டபம். அது நடுவில் புதைந்து கிடக்கிறது. கடைசி வரிக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும், அந்த அரை மணி நேரம் அவரிடம் இல்லை. எனவே "கடைல இருக்கேன்" என்று இரண்டு சொல் போட்டுவிட்டு மூடுகிறார், அல்லது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறார். அடுத்த தடவை உங்கள் பெயர் திரையில் வரும்போதே "ஏதோ பஞ்சாயத்து" என்று அவர் மனம் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்கத் திறப்பது தள்ளிப் போகிறது. தள்ளிப் போகப் போக உங்கள் வரிகள் காரமாகின்றன.

தம்பதிகளிடம் ஒருவர் துரத்துவதும் மற்றவர் விலகுவதுமான இந்தச் சுழலை ஆராய்ந்தவர்களில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் முக்கியமானவர். அவரும் ஹெவியும் 1990-ல் எழுதிய கட்டுரைக்குப் பின் இது பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஒரு விஷயத்தில் மாற்றம் யாருக்கு வேண்டுமோ அவர்தான் பெரும்பாலும் துரத்துகிறவர், இருக்கிறபடியே இருந்தால் போதும் என்பவர் விலகுகிறவர். சுபாவத்தோடு, அந்த விஷயத்தில் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்பதும் இதைத் தீர்மானிக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு வேறொரு விஷயத்தில் அவர் துரத்தி நீங்கள் விலகுவீர்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். இதனால்தான் இணையத்தில் படித்துவிட்டு "நான் ஆங்க்ஷியஸ், அவர் அவாய்டன்ட்" என்று பெயர் சூட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் அந்தப் பெயரை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்வேன். உறவில் பதறுகிறவர், விலகுகிறவர் என்று பிரித்துப் பார்க்கும் அந்த ஆராய்ச்சியைக் குறை சொல்லவில்லை. எதிரே இருப்பவர் மீது அதை ஒட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது, அதுதான் சிக்கல்.

சமீபத்தில் பார்த்த ஒரு ஜோடியைச் சொன்னால் விளங்கும். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இவர்கள் கதை உங்களுடையதற்கு நேர் எதிர்: பதறுகிறவர் கணவர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ், குழந்தையோடு திருமங்கலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறார். "போன் எடுக்க மாட்டேங்கிறா, மெசேஜ் பார்க்க மாட்டேங்கிறா" என்பது அவர் புகார். "டூட்டி முடிஞ்சு வந்து போனைத் தொட்டாலே விசாரணைக் கமிஷன்" என்பது மனைவியின் புகார்.

கணவரிடம் ஒரு வாரம் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். எப்போது அனுப்பினார், எவ்வளவு நேரம் பதில் இல்லை, அப்போது மனதில் ஓடியது என்ன, உண்மையான காரணம் பின்னால் என்னவென்று தெரிந்தது. நாலே கட்டம், ஒரு டைரிப் பக்கம். அந்தப் பக்கங்களைப் பார்த்து அவரே அசந்துபோனார். மனைவி ஐ.சி.யூ.வில் இருந்த நாட்களில் ஆறு மணி நேரம் பதில் வராதபோதும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. போன் லாக்கரில் இருக்கிறது என்று தெரியும், தன் வேலையைப் பார்த்திருக்கிறார். ஆனால் மனைவிக்கு விடுமுறை நாளில் நாற்பது நிமிஷம் பதில் இல்லையென்றால் தாங்கவில்லை. "வீட்ல சும்மாதான இருக்கா, ஏன் போடல? ஆன்லைன்ல வேற இருக்கா. அப்ப என்னை வேண்டாம்னுதான்" என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. உண்மையான காரணக் கட்டத்தில் இருந்தவை: நைட் டூட்டி முடித்துத் தூங்கியது, குழந்தை போனை வாங்கி வைத்துக்கொண்டது, டூட்டி மாற்றிக்கொள்வது பற்றி மருத்துவமனை குரூப்பில் பேச்சு. அந்தக் குரூப் பேச்சுதான் "ஆன்லைன்".

பாருங்கள், ஆறு மணி நேரம் வலிக்கவில்லை, நாற்பது நிமிஷம் வலித்தது.

அதனால் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடும் விடுமுறை நாட்களைப் பற்றியதாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு அந்த வார டூட்டி அட்டவணையை மனைவி போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். நைட் முடித்துத் தூங்கப் போகும் முன் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "வந்துட்டேன், படுக்கப் போறேன், மூணு மணிக்கு மேல பேசுறேன்." பத்து விநாடி வேலை.

முதல் வாரம் நன்றாகப் போனது. இரண்டாம் வாரம் கெட்டது. மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு "மணி மூணு ஆயிடுச்சு" என்று இவர் ஒரு மெசேஜ். அடுத்த நாள் மூன்று ஐந்துக்கே. மனைவி கடுப்பாகி வாய்ஸ் மெசேஜையே நிறுத்திவிட்டார். இந்த ஏற்பாட்டில் வழக்கமாக விழும் ஓட்டை இதுதான். நேரம் சொன்னால் அது வாக்குறுதி ஆகிவிடுகிறது, வாக்குறுதியை நிமிஷக் கணக்கில் பரீட்சை வைக்கத் தொடங்குகிறோம். எனவே "மூன்று மணி" என்பதை "மூன்றிலிருந்து ஐந்துக்குள்" என்று மாற்றினோம். ஐந்து மணி வரை ஞாபகப்படுத்தக் கூடாது. ஐந்தும் தாண்டினால் மெசேஜ் கிடையாது, ஒரே ஒரு போன். எடுக்கவில்லை என்றால் மாமியாருக்கு ஒரு போன், அதோடு சரி.

இது பிடித்தது. எதை வைத்து அளந்தோம் என்றால், பதில் வரும் வேகத்தை வைத்து இல்லை, அது பெரிதாக மாறவும் இல்லை. முதல் மெசேஜுக்குப் பதில் வரும் முன்னே இரண்டாவது மெசேஜ் எத்தனை தடவை போனது என்று எண்ணினோம். தினமும் நாலைந்தாக இருந்தது, ஒன்றரை மாதத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று குறைந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் பழையபடி ஏறியது, பின்னர் இறங்கியது.

உங்கள் விஷயத்துக்கு இதை எப்படித் தைப்பது என்று சொல்கிறேன். பேச்சை மெசேஜில் ஆரம்பிக்காதீர்கள். மார்க்கெட்டில் இருந்து வந்து குளித்துச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த சாயங்காலம், மறுநாள் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, நேரிலோ போனிலோ பேசுங்கள். "நீங்க ஏன் பதில் போடறதே இல்ல" என்று தொடங்கினால் அவர் வாயில் இருந்து வருவது வாதம்தான். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "காலையில கடை திறந்ததுல இருந்து நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் என்னென்ன நடக்கும்னு ஒரு தடவை எனக்குச் சொல்லுங்க. எந்த நேரத்துல மெசேஜ் போட்டா உங்களுக்குத் தொந்தரவில்லன்னு தெரிஞ்சுக்கிறேன்." தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் பேசாத வியாபாரி மதுரையில் கிடையாது. கேட்டுக்கொண்டே மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: எடை எப்போது ஓய்கிறது, கணக்கு எப்போது முடிகிறது, எப்போது தூங்குகிறார்.

அதிலிருந்து ஒன்றோ இரண்டோ நேரத் துண்டுகள் கிடைக்கும். உதாரணத்துக்கு, கணக்கு முடித்துக் கிளம்பும்போது பத்திலிருந்து பதினொன்றுக்குள் ஒரு தடவை, தூங்கி எழுந்து ஐந்திலிருந்து ஆறுக்குள் ஒரு தடவை. அதற்கு முன் வருகிற எந்தப் பதிலும் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். முகூர்த்த நாளும் சித்திரைத் திருவிழா மாதிரி நாட்களும் தனி. முந்தின ராத்திரியே அவர் "நாளைக்கு முகூர்த்தம், மதியம் வரைக்கும் என்னைத் தேடாத" என்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரியை அவர் மறக்காமல் இருப்பது, நூறு உடனடிப் பதில்களைவிட உங்களுக்கு உபயோகமானது. காலண்டரில் முகூர்த்த நாட்கள் அச்சிட்டே இருக்கின்றன, நீங்களும் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு ஒரு தனி வழி வேண்டும். இல்லையென்றால் எல்லாமே அவசரம் போலத் தோன்றும். ஐந்து நிமிஷ இடைவெளியில் இரண்டு போன் வந்தால் மட்டும் அவர் தராசை விட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு சரியில்லை, விபத்து, பெரியவர்களுக்கு ஏதாவது, இதற்கு மட்டும். "ஏன் பதில் போடல" என்பதற்கு இந்த வழியை ஒரே ஒரு தடவை பயன்படுத்தினாலும் அது செத்துப் போகும்.

மண்டபம், சீர், பெரியவர்கள் பேசியது, மனவருத்தம் இவையெல்லாம் காலை மெசேஜில் வேண்டாம். "மண்டபம் பத்திச் சாயங்காலம் பேசணும், அவசரமில்ல" என்ற அளவோடு நிறுத்துங்கள். இந்த "அவசரமில்ல" முக்கியம். வெறும் "பேசணும்" என்று மட்டும் வந்தால் அவருக்கு அங்கே வயிற்றைக் கலக்கும்.

இது வரை ஏற்பாடு. இனி இருப்பது உங்கள் தனி வேலை, அதை அவரால் செய்து தர முடியாது. பதில் வராத இடைவெளியில் என்ன செய்வது?

அவருக்கு மட்டும் தனி ரிங்டோன் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் தொட்டு உள்ளே போனால் Notifications என்று இருக்கும், அதில் மாற்றலாம். ஆபீஸ் குரூப்பும் சொந்தக்காரர்கள் குட்மார்னிங்கும் வரும்போதெல்லாம் "அவரோ" என்று போனைப் புரட்டுவது இதோடு குறையும். அடுத்து, Settings-ல் Privacy-க்குள் Last seen and online என்பதில் உங்களுடையதை மறைத்துவிடுங்கள். நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது, நமக்கு வேண்டியதும் அதுதான். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லையென்றால் அவருக்கு வேறு மாதிரி தோன்றும். அதே இடத்தில் Read receipts-ஐயும் நிறுத்தினால் நீல டிக் போய்விடும். சிலருக்கு அது நிம்மதி, சிலருக்கு இன்னும் மோசம். முதலில் ஆன்லைனை மட்டும் மறைத்துப் பாருங்கள்.

அப்புறம் இரண்டாவது மெசேஜ். அதை எழுதக் கூடாது என்று நான் சொன்னால் உங்களால் முடியாது. எழுதுங்கள், ஆனால் அவருக்கு அனுப்பும் இடத்தில் வேண்டாம். போனில் நோட்ஸ் திறந்து அதில் எழுதி, மணியைப் போட்டு வையுங்கள். பத்து மணித் துண்டு வரும்போது திறந்து பாருங்கள். மண்டபம் மாதிரி நிஜமான விஷயம் இருந்தால் அதை மட்டும் சுருக்கி அனுப்புங்கள். மற்றவை அந்நேரம் உங்களுக்கே வேண்டாததாக இருக்கும். 7.20-க்கு எழுதிய வரியைப் பத்து மணிக்கு அனுப்ப மனம் வருவது அபூர்வம்.

போனைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை ஒரே நாளில் வெட்டாதீர்கள். இப்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள் என்றால் பதினைந்து நிமிஷம் என்று தொடங்குங்கள். சில நாள் கழித்து அரை மணி. ஆடிட்டர் ஆபீசில் மேஜை டிராயர் இருக்கும், போன் அதற்குள் இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு வாரம் பதற்றம் குறையாது, கூடும். கொத்தினால் தீனி வராத புறாவும் முதலில் இன்னும் வேகமாகத்தான் கொத்தும். அந்த வாரத்தைப் பார்த்து "இது எனக்கு ஒத்துவரல" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது தோல்வியின் அடையாளம் இல்லை, பழக்கம் விடும் முன் முரண்டு பிடிக்கிறது.

அவர் செய்ய வேண்டியதும் உண்டு. இந்தப் பத்தியை அவரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. தம்பி, இரண்டு காரியம் போதும். ஒன்று, மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போட நேரமில்லை என்றால், பேசாமல் மூடாமல் "எடை, 10க்கு மேல" என்று தட்டிவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ் என்றால் கை ஈரமாக இருந்தாலும் சிரமமில்லை. இரண்டு, நாளுக்கு ஒரு தடவை, அவர் கேட்காமலே, நீங்களாக ஒன்று அனுப்புங்கள். இன்றைக்கு வந்த மல்லியின் படம், டீக்கடையில் கேட்ட ஒரு பேச்சு, எதுவானாலும் சரி. கேட்டு வாங்கிய பத்துப் பதில் தராத நிம்மதியைத் தானாக வந்த ஒரு மெசேஜ் தரும், ஏனென்றால் கேட்டு வாங்கியதில் "கேட்டதால்தான் போட்டார்" என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருக்கும். "நொய் நொய்" என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள். "எனக்குக் கடையில மூச்சு முட்டுது, பத்து மணிக்குப் பேசலாமா" என்பது அதே எரிச்சல்தான், ஆனால் கேட்கிறவர் மேல் விழாது.

இந்த வழி எங்கே செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்பாடு செய்துகொண்ட பிறகு, அவரே ஒப்புக்கொண்ட அந்த அகலமான நேரத் துண்டிலும் தொடர்ந்து ஆள் இல்லை, காரணமும் இல்லை என்றால் அது வேகத்தின் பிரச்சினை இல்லை. சின்ன வாக்குவாதம் வந்தால் இரண்டு நாள், மூன்று நாள் பேச்சையே நிறுத்தி, நீங்கள் கெஞ்சிய பின்தான் திரும்புகிறார் என்றால் அது மௌனத்தால் கொடுக்கும் தண்டனை, அதற்கு நேர ஏற்பாடு மருந்தாகாது. நேரில் தங்கமானவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இது உங்கள் கதையாக எனக்குப் படவில்லை. கவனித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் அப்படியே. பதற்றம் என்ற பெயரில் லைவ் லொகேஷன் போடு, யாரோடு இருக்கிறாய் என்று போட்டோ அனுப்பு, பாஸ்வேர்டு கொடு என்று கேட்பது யாராக இருந்தாலும் அது கண்காணிப்பு. அதற்கு இடம் கொடுத்தால் பதற்றம் அடங்காது, பசிதான் கூடும்.

இன்னொன்று. இந்தப் படபடப்பு அவர் மெசேஜுக்கு மட்டும்தானா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அம்மா கோயிலுக்குப் போய் அரை மணி லேட்டானாலும் இதே நெஞ்சு அடிப்பு, ராத்திரி தூக்கம் கெடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, வாரக்கணக்கில் இப்படியே ஓடுகிறது என்றால், அவர் வெறும் சாக்குதான், பதற்றம் தனியாக இருக்கிறது. 14416 என்பது அரசின் டெலி-மானஸ் எண். எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், பணம் கிடையாது. நேரில் பார்க்க வேண்டுமென்றால் ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இதற்குப் போவதற்குக் கல்யாணத்தைக் காரணம் காட்டி வீட்டில் தயங்கினால், தலைவலிக்குக் காட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், பொய்யும் ஆகாது. பதற்றத்தில் தலை வலிக்கத்தான் செய்யும்.

கல்யாணம் ஆகி ஒரே வீட்டில் இருந்தால் தன்னால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பாதி உண்மை. காலை மெசேஜ் குறைந்துவிடும். ஆனால் மூன்று மணிக்குக் கிளம்புகிறவர் ராத்திரி எட்டரைக்கே படுப்பார், நீங்கள் ஆபீஸ் முடித்து வந்து பேச உட்காரும் நேரம் அது. மெசேஜில் இருக்கும் இதே இடைவெளி அப்போது படுக்கையறைக்கு வரும். அதனால் அந்தச் சாயங்காலப் பேச்சில் இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: கல்யாணத்துக்கு அப்புறம் நாம் இருவரும் சேர்ந்தாற்போல் விழித்திருக்கிற நேரம் எது? ஐந்திலிருந்து எட்டுக்குள் ஏதாவது ஒரு மணி நேரம் என்று அவர் சொல்வார் என்று நினைக்கிறேன். ஆபீசில் இருந்து நீங்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப முடியும் என்பதை அதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. வருமான வரி தாக்கல் நடக்கும் மாதங்களில் தாமதமாகப் பதில் போடப் போவது நீங்களாக இருக்கும்.